பத்துச் சொல்லில் வந்த செய்திக்கு எப்படிப் பதில் எழுதுவது?

நேர்முகத் தேர்வு முடிந்த பின்னர் ஆட்சேர்ப்பு அலுவலருக்கு அனுப்பும் செய்திகளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில், விண்ணப்பங்களையும் கடிதங்களையும் திருத்தித் தரும்படி கேட்டு வரும் இளைஞர்களுடன் சில வருடங்களாக அமர்ந்து வருகிறேன். அவர்களது சுயவிபரக் கோவையில் நான் திருத்துவதற்குப் பெரும்பாலும் அதிகம் இருப்பதில்லை. தேர்வுக்குப் பின்னர் வரும் சிறிய செய்திகளுக்கு எழுதும் பதில்களில்தான் அவர்கள் தடுமாறுகிறார்கள். எதிரில் இருப்பவர் எழுதும் நீளத்துக்கும் நடைக்கும் ஏற்ப எழுத வேண்டும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். ஆனால் எதை ஒத்துப்போக வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பதை ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒருவரோடு ஒருவர் பேசும்போது தம் பேச்சை மற்றவரின் பேச்சுக்கு அருகே கொண்டுசெல்வதை, 1970களில் ஹவார்ட் கைல்ஸ் என்ற சமூக உளவியல் அறிஞர் ஒரு கோட்பாடாக வகுத்தார். அளவோடு நெருங்கிச் செல்பவரைக் கேட்பவருக்குப் பிடிக்கிறது என்பதும், அளவுமீறி நெருங்கினால் அது கேலியாகவோ கீழிறக்கிப் பேசுவதாகவோ படக்கூடும் என்பதும் அக்கோட்பாட்டின் இரு பக்கங்கள். நான் பார்த்த தவறுகள் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றில்தான் அடங்கின: நெருங்கவே மறுத்தவை ஒரு புறம், நெருங்கிப்போய்த் தம்மையே இழந்தவை மறுபுறம். சுன்னாகத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் ஒரே மாலையில் இரண்டையும் எழுதினார். அவருடைய செய்திகளைக் கொண்டே இதை விளக்குவது எளிது. அவருடைய சம்மதத்துடன் பெயரை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

அவர் விண்ணப்பித்தது, கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நிறுவனத்தின் யாழ்ப்பாணக் கிளையில் களஞ்சிய உதவியாளர் பதவிக்கு. அவரை நேர்முகம் கண்டவர்களில் ஒருவராக இருந்த மனிதவள அலுவலர் தமிழ் பேசும் பெண்மணி. மறுநாள் காலை அவரிடமிருந்து வட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி வந்தது:

"வணக்கம் தம்பி. நேற்று இன்டர்வியூக்கு வந்ததுக்கு நன்றி. முடிவு வெள்ளிக்கு முதல் சொல்லுறன்."

அதற்கு இளைஞர் எழுதிய முதல் வரைவு இது:

"பெருமதிப்பிற்குரிய அம்மணி அவர்களுக்கு, தங்கள் நிறுவனத்தின் யாழ்ப்பாணக் கிளையில் நிலவும் களஞ்சிய உதவியாளர் பதவி வெற்றிடத்திற்காக நேற்றைய தினம் நடைபெற்ற நேர்முகத் தேர்வில் பங்குபற்ற எனக்கு வாய்ப்பளித்தமைக்கு எனது மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கின்றேன். இப்பதவி எனக்குக் கிடைக்கும் பட்சத்தில் நேர்மையுடனும் அர்ப்பணிப்புடனும் கடமையாற்றுவேன் என உறுதியளிப்பதோடு தங்கள் மேலான பதிலை எதிர்பார்த்து நிற்கின்றேன். இங்ஙனம், தங்கள் உண்மையுள்ள,"

இது பிழையான தமிழ் அல்ல. பாடசாலையில் கடிதம் எழுதக் கற்ற நாளிலிருந்து, கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் நாம் எழுதி வரும் மனு நடை இதுதான். அது அங்கே பொருந்தும். ஆனால் பத்துச் சொற்களில் பேச்சு நடையில் எழுதிய ஒருவருக்கு நாற்பதுக்கு மேற்பட்ட சொற்களில் மனு நடையில் பதில் போனால், அவர் எழுதியதை இவர் கவனிக்கவில்லை என்றே தோன்றும். மேலும் இந்த வரைவில் இந்த இளைஞர் யார் என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை. அன்று தேர்வுக்கு வந்த எல்லாரும் இதே கடிதத்தைத் தம் பெயரிட்டு அனுப்பியிருக்கலாம்.

அதை நான் சொன்னதும் அவர் அழித்துவிட்டு இரண்டாவதாக எழுதியது: "ஓகே அக்கா. பாத்து சொல்லுங்கோ." பின்னால் கைகூப்பும் படம் ஒன்று. நீளம் சரியாகிவிட்டது, நடையும் அந்த அலுவலரின் நடைதான். ஆனால் முதல் வரைவைவிட இது ஆபத்தானது. ஏன் என்பதைக் கீழே உரிய இடத்தில் சொல்கிறேன்.

முதலில் அளக்க வேண்டியது

பதில் எழுதத் தொடங்குமுன் அவர் கடைசியாக அனுப்பிய இரண்டு செய்திகளை எடுத்து, அவற்றின் சொற்களை எண்ணுங்கள். தமிழில் ஒரு வாக்கியம் மூன்று சொற்களிலும் முடியும், முப்பது சொற்களிலும் முடியும் என்பதால் வாக்கியங்களை எண்ணுவதில் பயன் இல்லை. முதற்செய்தியை மட்டும் பார்த்து முடிவு செய்யவும் வேண்டாம், ஏனெனில் நேர்முகத் தேர்வுக்கு அழைக்கும் செய்தி பெரும்பாலும் எல்லாருக்கும் அனுப்பப்படும் அச்சு வார்ப்பு. அதில் உங்கள் பெயர் மட்டுமே மாறியிருக்கும், அல்லது "விண்ணப்பதாரருக்கு" என்று பொதுவாக இருக்கும். கீழே கையொப்பத்துக்குப் பதிலாகப் பிரிவின் பெயர் இருக்கும். அந்த நடை ஒரு மனிதருடைய நடை அல்ல. அந்த அலுவலர் தாமே தட்டச்சு செய்த முதல் வரி எங்கே வருகிறதோ அங்கிருந்துதான் அளவு தொடங்குகிறது.

அளந்த பின்னர், அவருடைய நீளத்திலிருந்து அதன் இரு மடங்கு வரை உங்களுக்கு இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது நான் கைக்கொள்ளும் அளவு. நீங்கள் கேட்பவர், அவர் முடிவு சொல்பவர் என்பதால், சற்றுக் கூடுதலாக எழுதுவது உங்கள் பக்கத்தில் இயல்பானது. மும்மடங்குக்கு மேல் போகும்போதுதான் அது படிப்பவருக்குச் சுமையாகிறது. அவர் ஏதாவது கேள்வி கேட்டிருந்தால் அந்தப் பதிலுக்கான சொற்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கேட்டதற்குக் குறைவாகச் சொல்வது சுருக்கம் ஆகாது, அது குறைபாடு.

குறுக்குவதற்கும் ஓர் அடி எல்லை உண்டு. அவர் "சரி" என்று ஒரு சொல் அனுப்பினாலும், அதற்குப் பிறகு நீங்களாகத் தொடங்கும் செய்தியில் வணக்கமும் பதவியின் பெயரும் எழுதும் காரணமும் இருக்க வேண்டும். அவர் ஒரே நாளில் பல பதவிகளுக்குப் பலரிடம் பேசிக்கொண்டிருக்கக்கூடும். மின்னஞ்சலாயின் புதிதாகத் தொடங்காமல் பழைய இழையிலேயே பதில் கொடுங்கள், அப்போது விபரங்களைத் திரும்ப எழுதத் தேவை இராது.

நடையில் ஒரு படி

எங்கள் எழுத்தில் மூன்று படிகள் இருப்பதாக நான் பிரித்துக்கொள்கிறேன். மேற்படியில் மனு நடை: "தெரிவித்துக்கொள்கின்றேன்", "தங்கள் மேலான". நடுப்படியில் அலுவலக நடை: "நன்றி", "அனுப்புகிறேன்", "நீங்கள் கேட்ட". கீழ்ப்படியில் பேச்சு நடை: "சொல்லுறன்", "பாத்து", "வாங்கோ". அலுவலர் எந்தப் படியில் நிற்கிறாரோ அந்தத் திசையில் நீங்கள் ஒரு படி நகர்ந்தால் போதும். அவர் பேச்சு நடையில் எழுதினால் நீங்கள் மனு நடையிலிருந்து இறங்கி அலுவலக நடையில் நில்லுங்கள். அவர் மனு நடையில் எழுதினால் நீங்கள் அலுவலக நடையின் மேல் விளிம்புக்கு ஏறினால் போதும், "தங்கள்" என்று தொடங்கி "நன்றியுடன்" என்று முடிக்கலாம்.

கீழ்ப்படிக்கு இறங்காமல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பேச்சு நடையில் எழுத்துப் பிழையும் நடையும் ஒன்றோடொன்று கலந்துவிடும். "பாத்து" என்று அவர் எழுதினால் அது அவசரம், நீங்கள் எழுதினால் அது உங்கள் எழுத்துத் திறனின் மாதிரி. களஞ்சியத்தில் பற்றுச்சீட்டு எழுதப்போகும் ஒருவரிடம் அதையும் பார்ப்பார்கள்.

இனி "அக்கா" என்ற சொல்லுக்கு வருகிறேன். மற்ற எல்லாவற்றையும்விட இங்கேதான் எங்கள் பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள். அவர் "தம்பி" என்று அழைத்தார், ஆகவே "அக்கா" என்பது அதற்குச் சரியான எதிரொலி என்று இளைஞர் நினைத்தார். நீளம், வணக்கம், நன்றி ஆகியவற்றை ஒத்துப்போகலாம், ஏனெனில் அவற்றை இருவரும் சமமாகப் பயன்படுத்த முடியும். உறவுச் சொல் அப்படிப்பட்டதல்ல. மூத்தவர் இளையவரைத் "தம்பி" என்பது அவருடைய கனிவு. இளையவர் அலுவலகத்தில் "அக்கா" என்பது தாம் இன்னும் பெறாத நெருக்கத்தை உரிமை கொண்டாடுவது. தெருவிலும் கடையிலும் இது யாருக்கும் தவறாகப் படாது. ஆனால் அவருக்கு மேலே ஒரு முகாமையாளர் இருக்கிறார், வேறு விண்ணப்பதாரர்களும் இருக்கிறார்கள். அச்செய்தியை யாருக்காவது காட்ட வேண்டி வந்தால், முன்னரே அறிந்தவரைத் தேர்ந்தெடுத்ததாகத் தோன்றும் சங்கடம் அவரைச் சேரும். ஆகவே அவர் "தம்பி" என்றாலும் "தங்கச்சி" என்றாலும், நேர்முகத் தேர்வில் எப்படி அழைத்தீர்களோ அதையே தொடருங்கள்: "மிஸ்", "மடம்", "சேர்". வேலையில் சேர்ந்து, அங்குள்ளவர்கள் அவரை "அக்கா" என்று அழைப்பதைக் கண்ட பிறகு நீங்களும் அழைக்கலாம்.

ஆங்கிலத்தில் எழுதும்போது இந்தக் கணக்குச் சற்று மாறும். கொழும்பிலிருந்து வரும் ஆங்கில மின்னஞ்சல் "ஹாய்" என்று தொடங்கி, தம் முதற்பெயரை மட்டும் கீழே இட்டு முடிந்திருந்தால், அந்தப் பெயரை இட்டு அழைக்க அவர் அனுமதி தந்திருக்கிறார் என்று கொள்ளலாம். அதே அலுவலருக்குத் தமிழில் எழுதும்போது அந்த அனுமதி செல்லாது. வெறும் பெயர் தமிழில் முரட்டுத்தனமாக ஒலிக்கும். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி அனுப்புபவருக்கு நீங்களும் அப்படியே அனுப்ப வேண்டியதில்லை. தமிழ் எழுத்தில் சுருக்கமாக எழுதுங்கள், அல்லது முழு ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

உங்கள் குரல் எந்த வரியில் இருக்கிறது

நீளத்தையும் நடையையும் அவருக்கு விட்டுக்கொடுத்த பின்னர் உங்களுக்கென்று எஞ்சுவது, நீங்கள் எதைக் கவனித்தீர்கள் என்பது. குரல் என்பதை அழகான சொற்கள் என்று எண்ணி, அவற்றை நீளத்தோடு சேர்த்து வெட்டிவிடுகிறோமே என்று பலர் கவலைப்படுகிறார்கள். ஆனால் அந்தச் சொற்கள் எல்லாருடையவையும்தான். தேர்வு அறையில் பேசப்பட்ட ஒரு விடயத்தை நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டீர்கள் என்ற ஒரு வரி உங்களுடையது மட்டுமே. செய்தி எவ்வளவு குறுகினாலும் அந்த வரியை மட்டும் வெட்டாதீர்கள்.

இளைஞரிடம் தேர்வில் என்ன பேசினார்கள் என்று கேட்டேன். சுன்னாகத்தில் தம் மாமாவின் இரும்புக் கடையில் ஐந்து வருடம் நின்றதையும், அங்கே வருடத்துக்கு ஒருமுறை கடையை இரண்டு நாள் மூடி இருப்பை எண்ணுவதையும் சொன்னாராம். அந்த அலுவலர், தங்கள் களஞ்சியத்தில் கிழமைக்கு ஒரு பகுதியாக எண்ணுவதால் ஒருநாளும் மூடத் தேவையில்லை என்றும், பிழை வந்தால் அந்தக் கிழமையிலேயே தெரிந்துவிடும் என்றும் விளக்கினாராம். "அதைக் கேட்டதும் எனக்கு மாமாவின் கடை ஞாபகம் வந்தது, அன்றிரவே அவரிடம் சொல்லிவிட்டேன்" என்றார். அதையே எழுதச் சொன்னேன். மூன்றாவது வரைவு இப்படி அமைந்தது:

"வணக்கம் மிஸ். தகவலுக்கு நன்றி. இருப்பைக் கிழமைக்கு ஒரு பகுதியாக எண்ணும் முறையை மாமாவின் கடையிலும் தொடங்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்."

பதினேழு சொற்கள், அவருடைய பத்துக்கு இரு மடங்குக்குள் அடங்குகிறது. நடை ஒரு படி இறங்கியிருக்கிறது. தேர்வுக்கு வந்த வேறு எவராலும் மூன்றாவது வாக்கியத்தை எழுதியிருக்க முடியாது. "கடுமையாக உழைப்பேன்" என்று சொல்லாமலே, கேட்டதை எடுத்துச் செயற்படுத்துபவர் என்பது தெரிந்துவிடுகிறது. கடைசி வாக்கியத்தை அவர் முதலில் "வெள்ளி வரை காத்திருக்கிறேன்" என்றுதான் எழுதியிருந்தார். பணிவாகவே எண்ணி எழுதினாலும், வெள்ளிக்குப் பிறகு காத்திருக்க மாட்டேன் என்ற தவணையாக அது படிக்கப்படலாம் என்பதால் மாற்றினோம். குறுகிய செய்தியில் ஒவ்வொரு சொல்லும் கனக்கும். நீண்ட கடிதத்தில் மறைந்துபோகும் ஒரு கூர்மை இங்கே முன்னே வந்து நிற்கும்.

நீங்கள் எழுதியதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. உங்கள் பெயரை மூடிவிட்டு, உங்களை நன்கு அறிந்த ஒருவரிடம் செய்தியைக் கொடுத்து, இதை எழுதியது யாராக இருக்கும் என்று கேளுங்கள். "யாரும் எழுதலாம்" என்றால் உங்கள் வரி இன்னும் வரவில்லை. "அந்த மிஸ்தானே எழுதினார்" என்றால் நீங்கள் ஒத்துப்போகாமல் படியெடுத்துவிட்டீர்கள்.

பதில் வராத நாட்கள்

வெள்ளியும் போனது, பதில் இல்லை. இந்த இடத்தில் பதற்றம் செய்தியை நீட்டும். பழைய மனு நடை திரும்பி வரும், குடும்ப நிலைமையும் வரும். அவர் இன்னும் ஒன்றுமே எழுதாததால் அளவு மாறவில்லை, ஆகவே பழைய பத்துச் சொற்களே இன்னும் உங்கள் அளவுகோல். அந்தக் கிழமையில் வியாழன் போயா விடுமுறை. ஆகவே அவர் சொன்ன தவணை புதனோடு முடிந்தது. அதற்குப் பின்னர் வெள்ளி, திங்கள் என இரண்டு வேலை நாள் விட்டு, செவ்வாய் காலை பத்து மணியளவில் இதை அனுப்பினார்:

"வணக்கம் மிஸ். களஞ்சிய உதவியாளர் பதவிக்கான முடிவு பற்றி ஏதும் தெரிந்ததா என அறிய எழுதுகிறேன். இன்னும் நாள் தேவையென்றால் காத்திருக்கிறேன்."

இங்கே அவருடைய தனி வரி இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஏற்கெனவே ஒருமுறை சொன்னாயிற்று, இரண்டாம் முறை அதே விதமான வரி வந்தால் அது உத்தியாகத் தெரியும். கேள்வி மட்டும் கேட்கும் செய்தியில் குரல் பின்னே நிற்கலாம்.

அவர் முன்பு பத்துச் சொல்லில் எழுதியவர், இப்போது "பாக்கிறன்" என்று ஒரு சொல்லில் பதில் தந்தால், அதிலிருந்து மறுப்பை வாசிக்க வேண்டாம். வீதியில் நின்று தட்டியிருக்கலாம். அதற்கு "நன்றி மிஸ்" போதும், அடுத்த நினைவூட்டலுக்கு ஒரு கிழமை விடுங்கள். இதற்கு மாறாக, அதுவரை பேச்சு நடையில் எழுதியவர் திடீரென்று "தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது" என்று எழுதினால், ஏதோ மாறியிருக்கிறது என்று கொள்ளலாம். வேறொருவர் கேட்டு எழுதுவித்திருக்கலாம், அல்லது நிறுவனத்தின் வார்ப்பைப் பயன்படுத்தியிருக்கலாம். அந்தச் செய்திக்கு நீங்களும் ஒரு படி ஏறியே பதில் எழுதுங்கள்.

இரண்டு பேர், இரண்டு நடை

புதன்கிழமை வந்தது வட்ஸ்அப் செய்தி அல்ல. தலைமையகத்தின் முகாமையாளர் ஒருவர் மின்னஞ்சலில், "மதிப்பிற்குரிய" என்று தொடங்கி மூன்று பந்திகளில், எதிர்பார்க்கும் சம்பளம் எவ்வளவு, எப்போது கடமையேற்க முடியும், கொழும்பில் இரண்டு கிழமைப் பயிற்சிக்கு வர இயலுமா என்று கேட்டிருந்தார். வட்ஸ்அப்பில் சுருக்கமாக எழுதிப் பழகிய இளைஞர் அதற்கும் இரண்டு வரியில் வரைவை முடித்துவிட்டார். ஒத்துப்போவது என்பது நிறுவனத்தோடு அல்ல, ஆளோடு என்பதை அன்றுதான் அவருக்குச் சொன்னேன். ஒரே நிறுவனத்தில் ஒருவருக்குப் பதினேழு சொற்களும் மற்றவருக்கு ஒரு முழுப் பக்கமும் போகலாம்.

நீண்ட கடிதத்துக்கு ஒத்துப்போவது என்றால் அதே அளவுக்குச் சொற்களை நிரப்புவது அல்ல. அவர் கேட்ட ஒழுங்கிலேயே, கேள்விக்கு ஒரு பந்தியாக, ஒன்றையும் விடாமல் எழுதுவதுதான். அவர் மூன்று பந்தி எழுதியிருந்தார், இவரும் மூன்று எழுதினார். பயிற்சி பற்றிய பந்தி மட்டும் இங்கே:

"கொழும்பில் நடைபெறும் இரண்டு கிழமைப் பயிற்சிக்கு வர இயலும். தங்குமிடத்தை நானே ஒழுங்கு செய்துகொள்வேன். மாமாவின் கடையில் மாத இறுதிக் கணக்கை நான் முடித்துக் கொடுக்க வேண்டியிருப்பதால், பயிற்சி மாதத்தின் முதற் கிழமைக்குப் பின்னர் தொடங்குமாயின் எனக்கு வசதியாக இருக்கும். அவ்வாறு அமையாவிடினும் வருவேன்."

"நடைபெறும்", "அமையாவிடினும்" என்று நடை முகாமையாளருக்கு அருகே ஏறியிருக்கிறது. ஆனால் எடுத்த வேலையைப் பாதியில் விட்டுச் செல்ல மாட்டாதவர் என்பது வட்ஸ்அப்பில் மாமாவின் கடையைப் பற்றி எழுதிய அதே ஆளைத்தான் காட்டுகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் ஒருவருக்கு நீளமும் நடையும் வேறுபட்டாலும் ஆள் ஒருவராகவே தெரிவார்.

பத்து நாட்களுக்குப் பின்னர் மனிதவள அலுவலரிடமிருந்து மீண்டும் வட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: "தம்பி, திங்கள் வாங்கோ. கடிதம் ரெடி." இளைஞர் கைத்தொலைபேசியை என்னிடம் காட்டிவிட்டு, என்னிடம் எதுவும் கேட்காமல் தாமே பதிலைத் தட்டினார்: "வணக்கம் மிஸ். மிக்க நன்றி. திங்கள் காலை எட்டரைக்கு வருகிறேன். மாமாவும் நன்றி சொல்லச் சொன்னார்."